தைரொயிட் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை எப்போது? கொழும்பு ஸ்கான் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் கொழும்பில் கழுத்து ஸ்கான் செய்யும் டொக்டர். ரிப்போட் ஆங்கிலத்தில், கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில், வீட்டுக்குப் போய் யோசிப்பது தமிழில். இதனால் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வருபவர்கள் என்னிடம் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

"கழுத்தில கட்டி இருக்கெண்டு சொல்லிட்டினம். கான்சர்தானே டொக்டர்?"

பெரும்பாலும் இல்லை. நல்ல ஸ்கான் மெஷினை வைத்துத் தேடினால், வளர்ந்தவர்களில் பாதிப்பேர் வரைக்கும் தைரொயிட்டில் ஏதோ ஒரு கட்டி தெரியும். பெண்களுக்கு அதிகம், வயது ஏற ஏற இன்னும் அதிகம். கவனித்துப் பார்க்க வேண்டியவை என்று எடுத்துக்கொள்ளும் கட்டிகளிலும், புற்றுநோயாக முடிவது நூறில் ஐந்து முதல் பத்துதான். மற்றவை சுரப்பித் திசு ஓரிடத்தில் தடித்ததாக இருக்கும், அல்லது நீர் தேங்கிய பையாக இருக்கும்.

ஆகவே எங்கள் வேலை கட்டி இருக்கிறதா என்று சொல்வதோடு முடிவதில்லை. அந்தச் சிலவற்றைப் பிரித்தெடுப்பதுதான் வேலை. கட்டிக்குள்ளிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பதுதான் இந்த ஊசி. எல்லாக் கட்டியிலும் ஊசி போட்டால் ஆயிரக்கணக்கானோர் வீணாகக் குத்துப்படுவார்கள். எதிலும் போடாவிட்டால் சிலரைத் தவறவிடுவோம்.

"ரத்தத்தில தைரொயிட் நோர்மல். பிறகு என்னத்துக்கு ஊசி?"

ரத்தப் பரிசோதனை, சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். கட்டி எப்படிப்பட்டது என்று அது சொல்லாது. தைரொயிட் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ரத்த முடிவு நோர்மலாகவே இருக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் ரத்தப் பரிசோதனை ஊசியையே தவிர்க்க உதவும். தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டி.எஸ்.எச். ரத்தத்தில் குறைந்திருந்தால், கட்டியே அளவுக்கு மீறி ஹோர்மோன் சுரக்கிறதோ என்று சந்தேகிக்கிறோம். அப்போது கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் தைரொயிட் ஸ்கான் செய்வார்கள். அதில் கட்டி மருந்தை அதிகமாக இழுத்துக்கொண்டு 'சூடான கட்டி' என்று தெரிந்தால், அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது, பொதுவாக ஊசி தேவைப்படாது. அதனால்தான் டி.எஸ்.எச். முடிவு கையில் இல்லாமல் ஊசிக்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல்கிறேன்.

"ரிப்போட்டில டி.ஆர். 4 எண்டு கிடக்கு. நாலாம் ஸ்டேஜா?"

இல்லவே இல்லை. ஒரு அம்மா இதை நாலாம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்து இரண்டு கிழமை சாப்பிடாமல் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். அன்றிலிருந்து, யாரும் கேட்காவிட்டாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டி.ஆர். என்பது டைராட்ஸ் என்ற புள்ளி முறையில் வரும் ஒரு படிநிலை. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்டது. கட்டியின் ஐந்து குணங்களைப் பார்த்துப் புள்ளி போட்டுக் கூட்டுகிறோம். புள்ளியே இல்லாவிட்டால் டி.ஆர். 1, இரண்டு புள்ளிக்கு 2, மூன்று புள்ளிக்கு 3, நான்கு முதல் ஆறு வரை 4, ஏழும் அதற்கு மேலும் 5. இது சந்தேகத்தின் அளவு மட்டுமே. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. டி.ஆர். 4 கட்டிகளிலேயே பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான்.

"அப்ப எதைப் பாத்து இது மோசம், இது பரவாயில்லை எண்டு சொல்றீங்கள்?"

முதலில், கட்டி நீரா தசையா என்று பார்ப்போம். முழுக்க நீர் நிறைந்த பைக்குப் புள்ளி இல்லை. பாதி நீர், பாதி தசை என்றால் ஒன்று. முழுக்கத் திண்மமாக இருந்தால் இரண்டு. ஸ்பொஞ்ச் மாதிரி உள்ளே பாதிக்கு மேல் சின்னச் சின்ன நீர்த்துளைகளால் ஆனதென்றால், அதை அத்தோடு விட்டுவிடலாம். அது டி.ஆர். 1, வேறு எதற்கும் புள்ளி போடத் தேவையில்லை.

அடுத்தது நிறம். ரிப்போட்டில் ஹைப்போஎக்கோயிக் என்று இருந்தால், சுற்றியுள்ள தைரொயிட்டை விடக் கறுப்பாகத் தெரிகிறது என்று அர்த்தம். அதற்கு இரண்டு புள்ளி. நல்ல தைரொயிட் திசுவில் பசை நிறைந்த குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன. ஒலி அவற்றில் பட்டுத் திரும்புவதால் அது வெளிச்சமாகத் தெரியும். அந்தப் பைகள் இல்லாமல் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் ஒலி திரும்புவது குறைந்து கறுக்கும். கழுத்துத் தசையை விடவும் கறுப்பென்றால் மூன்று புள்ளி.

மூன்றாவதுதான் பலருக்கும் விளங்காதது: உருவம். கழுத்தைக் குறுக்கே பார்க்கும் படத்தில், கட்டியின் அகலத்தை விட ஆழம் அதிகமாக இருந்தால், அதாவது படுத்திருக்காமல் நிமிர்ந்து நின்றால், ஒரேயடியாக மூன்று புள்ளி. ரிப்போட்டில் 'டோலர் தான் வைட்' என்று எழுதியிருப்பார்கள். சாதாரணக் கட்டி திசுவின் போக்கிலேயே பரந்து வளரும். அந்தப் போக்கைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வளர்வதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. பலர் இதைக் கட்டியின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புகிறார்கள். நீளம் இந்தக் கணக்கில் வராது.

நான்காவது விளிம்பு. வழுவழுப்பாக இருந்தால் புள்ளி இல்லை. பற்களைப் போல வெட்டுப்பட்டோ கோணலாகவோ இருந்தால் இரண்டு. சுரப்பியைத் தாண்டி வெளியே போயிருந்தால் மூன்று. விளிம்பு மங்கலாக இருப்பதற்கு மட்டும் புள்ளி கிடையாது.

ஐந்தாவது உள்ளே மின்னும் வெள்ளைப் புள்ளிகள். உப்புத் தூவின மாதிரி மிகச் சின்னப் புள்ளிகள், பின்னால் நிழலோ வாலோ இல்லாமல் இருந்தால் மூன்று புள்ளி. தைரொயிட்டில் அதிகம் காணப்படும் பப்பிலரி வகைப் புற்றுநோயில் படியும் சுண்ணாம்புத் துகள்கள் இப்படித்தான் தெரியும். பெரிய சுண்ணாம்புத் துண்டுக்கு ஒன்று, கட்டியைச் சுற்றி ஓடு போல இருந்தால் இரண்டு. ஆனால் வெள்ளைப் புள்ளியின் பின்னால் வால்வெள்ளி போல நீண்ட வால் தெரிந்தால் அது உறைந்த பசை, பயமில்லை.

"எத்தனை சென்டிமீட்டருக்கு மேல போனா ஊசி?"

அது மேலே சொன்ன படியைப் பொறுத்தது. டி.ஆர். 5 என்றால் 1 சென்டிமீட்டரிலிருந்து, டி.ஆர். 4 என்றால் 1.5இலிருந்து, டி.ஆர். 3 என்றால் 2.5இலிருந்து ஊசி சொல்லுவோம். டி.ஆர். 1க்கும் 2க்கும் அளவு எதுவானாலும் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக ஊசி இல்லை. மூச்சுக்கோ விழுங்கலுக்கோ தடையாக இருந்தால் அது வேறு கதை.

அளவு எட்டவில்லை என்றால் கைவிடுவதாக அர்த்தமில்லை. டி.ஆர். 5இல் அரைச் சென்டிமீட்டரிலிருந்தும், 4இல் 1 சென்டிமீட்டரிலிருந்தும், 3இல் 1.5இலிருந்தும் திரும்ப ஸ்கான் செய்து கவனிப்போம்.

"வலப்பக்கம் பெரிய கட்டி, அதை விட்டுட்டு இடப்பக்கம் குட்டிக் கட்டிக்கு ஊசி சொல்றாங்க. மாறி எழுதிட்டாங்களா?"

மாறி எழுதவில்லை. இதைக் கேட்டவர் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்த, நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா. அவருடைய ரிப்போட்டையே கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வலப்பக்கக் கட்டி 31 மில்லிமீட்டர், ஸ்பொஞ்ச் போன்றது. புள்ளி பூச்சியம், டி.ஆர். 1. கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிற கட்டி, ஆனால் ஊசி தேவையில்லை. இடப்பக்கக் கட்டியில் குறுக்குப் படத்தில் ஆழம் 12 மில்லிமீட்டர், அகலம் 9, நீளம் 11. திண்மம், இரண்டு. கறுப்பு, இரண்டு. அகலத்தை விட ஆழம் கூட, மூன்று. விளிம்பு வழுவழுப்பு, வெள்ளைப் புள்ளிகள் இல்லை. மொத்தம் ஏழு, டி.ஆர். 5. அளவு 1 சென்டிமீட்டரைத் தாண்டியதால் ஊசி.

இதே கட்டி படுத்திருந்தால், அதாவது அகலம் 12, ஆழம் 9 என்று இருந்தால் என்ன? மூன்று புள்ளி போய்விடும், மீதி நான்கு. டி.ஆர். 4 ஆகும். அந்தப் படிக்கு 1.5 சென்டிமீட்டர் வேண்டும், இது 1.2தான். அப்போது ஊசி இல்லை, ஒரு வருடம் கழித்து மறு ஸ்கான். ஆக, ஊசியைத் தீர்மானித்தது கட்டி எந்தப் பக்கமாக வளர்ந்தது என்ற ஒரே விஷயம்தான். குறுக்குப் படத்தை ஒழுங்காக எடுத்து அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான்.

"எனக்கு டி.ஆர். 5 எண்டும் எழுதி, 7 மில்லிமீட்டர், ஊசி வேண்டாம் எண்டும் எழுதியிருக்கு. இது என்ன நியாயம்?"

இந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த முடிவுக்குப் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. தென் கொரியாவில் கழுத்து ஸ்கான் பரவலாக எல்லோருக்கும் செய்யப்பட்டபோது, 1993ஐ விட 2011இல் தைரொயிட் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ பதினைந்து மடங்கானார்கள். அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய துளிக்கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்தார்கள், ஆயுள் முழுக்க மாத்திரை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டி பெரும்பாலும் மெதுவாகவே போகும், வருடா வருடம் ஐந்து வருடத்துக்குப் பார்த்தால் மாற்றம் பிடிபடும்.

சரி, விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. பக்கத்து நெறிக்கட்டு சந்தேகமாகத் தெரிந்தால், அதாவது உருண்டையாக, நடுவே இருக்க வேண்டிய வெள்ளைக் கோடு இல்லாமல், உள்ளே நீரோ சுண்ணாம்போ தெரிந்தால், அளவு பார்க்கமாட்டோம். அந்த நெறிக்கட்டிலேயே ஊசி போடுவோம். குரல் கரகரத்து மாறினாலும், கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பு ஓடும் இடத்தையோ ஒட்டியிருந்தாலும், சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்திருந்தாலும், குடும்பத்தில் தைரொயிட் புற்றுநோய் இருந்தாலும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று சொல்லாமல் இருக்க வேண்டாம்.

"ஒரு இடத்தில டி.ஆர். 3, இன்னொரு இடத்தில டி.ஆர். 5. ஆரை நம்புறது?"

படம் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து வித்தியாசம் வரத்தான் செய்யும். அதிகமாகத் தவறுவது வெள்ளைப் புள்ளிகளில். பசையின் வால் சரியாகத் தெரியாவிட்டால், அதைச் சுண்ணாம்புத் துகள் என்று எண்ணி மூன்று புள்ளி போட்டுவிட முடியும். அடுத்தது விளிம்பு. மங்கலானதைக் கோணல் என்று எழுதினால் இரண்டு புள்ளி கூடிவிடும். தைரொயிட் முழுக்க அழற்சி இருந்தால் பின்புலமே கறுத்து, கட்டி எது, அழற்சித் திட்டு எது என்று பிரிப்பது இன்னும் கடினம்.

அத்தோடு ஐரோப்பாவிலும் கொரியாவிலும் வேறு டைராட்ஸ் முறைகள் இருக்கின்றன. ஒரே இலக்கம் இரண்டு முறைகளில் இரண்டு அர்த்தம் தரும். இலக்கத்தை மட்டும் ஒப்பிடாமல் ஐந்து குணங்களும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 'கட்டி உள்ளது, டி.ஆர். 4' என்று ஒரே வரியில் முடிந்த ரிப்போட்டை வைத்து ஊசி முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை. முதல் ஸ்கானின் படங்களையும், இருந்தால் பழைய ரிப்போட்களையும் கையோடு கொண்டு வாருங்கள்.

"கோவா சாப்பிடக் கூடாதாம், உப்பை மாத்தணுமாம். உண்மையா?"

சாப்பாட்டை மாற்றி இருக்கும் கட்டியைக் கரைக்க முடியாது, ஊசி முடிவும் மாறாது. இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். வழக்கமான உப்பு போதும்.

"ஊசி குத்தினா உள்ள இருக்கிறது பரவிடும்னு சொல்றாங்களே?"

இந்தக் கேள்விக்காகவே சிலர் வருடக்கணக்காக ஊசியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். தைரொயிட்டுக்குப் போடும் இந்த மெல்லிய ஊசியால் நோய் பரவுவது மிக மிக அரிது. ரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லியது, பெரும்பாலும் 25 அல்லது 27 என்ற அளவு. ஸ்கானில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்தி, முன்னும் பின்னும் சில தடவை அசைத்து, செல்களைக் கண்ணாடித் தட்டில் பூசுவோம். பொதுவாக இரண்டு மூன்று தடவை எடுப்போம். ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான்.

விறைப்பு ஊசி சில இடங்களில் போடுவார்கள், சில இடங்களில் போடமாட்டார்கள். அந்த நேரம் எச்சில் விழுங்காமலும் பேசாமலும் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், இருதய டொக்டரைக் கேட்டே முடிவு. பிறகு கொஞ்சம் வீக்கம், கண்டல் வரும். கழுத்து விறுவிறென்று வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். அது அபூர்வம், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

"குத்தியும் 'போதாது' எண்டு வந்திருக்கு. பிழையாக் குத்திட்டினமா?"

ஊசி முடிவுக்கு பெத்தெஸ்டா என்று ஆறு படிகள் உண்டு. இதுவும் நோயின் கட்டம் இல்லை, டி.ஆர். பற்றி மேலே சொன்ன அதே எச்சரிக்கைதான். முதல் படி என்றால், பார்த்துச் சொல்லப் போதிய செல் வரவில்லை என்று அர்த்தம். சாதாரணமாக, ஒவ்வொன்றிலும் பத்துச் செல்லாவது இருக்கும் ஆறு கூட்டங்கள் வேண்டும். நீர் அதிகமான கட்டியிலும் ரத்தம் கலந்தாலும் இது கிடைக்காது. நன்றாகக் குத்தினாலும் வரலாம். அது 'நோய் இல்லை' என்ற முடிவும் இல்லை. திரும்ப எடுக்க வேண்டும்.

அந்த வெள்ளவத்தை அக்காவுக்கும் முதல் தடவை இப்படித்தான் வந்தது. ஒன்றுமில்லை போல என்று விட்டுவிடப் பார்த்தார். டி.ஆர். 5 கட்டியில் 'போதாது' என்ற முடிவோடு நிறுத்த முடியாது என்று சொல்லித் திரும்ப எடுத்தோம். இரண்டாம் முறை ஆறாம் படி, பப்பிலரி புற்றுநோய். இரண்டு பக்கமும் கட்டி இருந்ததால் சுரப்பியை முழுதாக எடுத்தார்கள். வெட்டிப் பார்த்ததில் இடப்பக்கக் குட்டிக் கட்டியில் நோய் இருந்தது. அவர் பயந்த 31 மில்லிமீட்டர் வலக்கட்டி சாதாரணம்.

"மூணாம் படி எண்டு வந்தா என்ன செய்யிறது? நல்லதா கெட்டதா?"

இரண்டுமில்லை, செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். இந்தப் படியில் புற்றுநோயாக முடிவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பலருக்குத் திரும்ப ஊசி போதும். அந்த நேரத்தில் ஸ்கான் படத்துக்கு மறுபடி மதிப்பு வருகிறது. டி.ஆர். 3 கட்டியில் மூன்றாம் படி வந்தால் பொறுத்துப் பார்க்கலாம், டி.ஆர். 5 கட்டியில் அதே முடிவு வந்தால் சத்திரசிகிச்சை டொக்டரிடம் பேச வேண்டும். நான்காம் படியில் ஊசியால் அதற்கு மேல் சொல்ல முடியாது. கட்டியின் உறையைச் செல்கள் உடைத்திருக்கின்றனவா என்று பார்த்தால்தான் தெரியும், அதற்குக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். வழக்கமாக அந்தப் பக்கத்து அரைச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பார்கள்.

"ஊசி நல்லதா வந்திட்டுது. இனி ஸ்கான் தேவையில்லைத்தானே?"

இரண்டாம் படி, அதாவது சாதாரணம் என்று வந்தாலும், நூறில் மூன்று நான்கு தவறிப் போகலாம். அந்தச் சில எங்கே ஒளிந்திருக்கும் என்று ஸ்கான்தான் காட்டும். படம் மோசமாக இருந்து ஊசி மட்டும் நல்லதென்று வந்தால், ஒரு வருடத்துக்குள் ஸ்கானும் ஊசியும் திரும்பச் செய்வது வழக்கம். படமும் ஊசியும் ஒரே கதை சொன்னால், ஒன்று இரண்டு வருடத்தில் ஒரு ஸ்கான் போதும்.

'வளர்ந்திருக்கு' என்று எழுதுவதற்கும் ஒரு அளவு உண்டு. இரண்டு அளவுகளிலாவது ஐந்தில் ஒரு பங்கு கூடி, கூடியது 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது கன அளவு ஒன்றரை மடங்காக வேண்டும். 14 மில்லிமீட்டர் 15 ஆனதைப் பார்த்து நடுங்கி வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: அது ஸ்கான் பிடித்த கையின் வித்தியாசமாகவும் இருக்கலாம். முடிந்தவரை அதே இடத்தில் செய்யுங்கள், போன தடவைப் படத்தையும் மேசையில் வையுங்கள்.